பதில் போட வேண்டாம், அக்கா

தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரமும் எங்கள் வானொலி நிலையத்தில் வாழ்த்துக் காலம். நகைக்கடை வாழ்த்து, புடவைக்கடை வாழ்த்து, மளிகைக்கடை வாழ்த்து, சங்கத் தலைவர் வாழ்த்து என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றும் முப்பது வினாடி. ஐம்பது சொல்லுக்கு மேல் எழுதிக் கொடுத்தால் மூச்சு வாங்கும். பதினோரு ஆண்டுப் பழக்கத்தில், ஒரு காலைப் பொழுதில் இருபது வாழ்த்தைத் தடுமாறாமல் படித்துவிடுவேன்.

இந்தத் தீபாவளிக்கு ஒரே ஒரு வாழ்த்துதான் எழுத வரவில்லை. மகப்பேறு விடுப்பில் இருக்கும் அக்காவுக்கு எங்கள் குழுவின் சார்பில் அனுப்ப வேண்டிய வாழ்த்து அது.

அக்கா என்றால் உடன் பிறந்தவர் இல்லை. காலை 6 முதல் 10 வரை நிகழ்ச்சி படைப்பவர். எனக்கு நான்கு ஆண்டு மூத்தவர். பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், ஆகவே எழுதவில்லை. செப்டம்பர் 8-ஆம் தேதி அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. அன்றிலிருந்து அவருடைய நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். எழுத வராமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் என் கதை. 2021-இல் என் மகன் பிறந்தபோது தனியார் துறையில் மகப்பேறு விடுப்பு 60 நாள்தான். வேலைச் சட்டத்தைத் திருத்தி அதை 98 நாள் ஆக்கியது 2023 ஜனவரி முதல் தேதியில்தான் நடைமுறைக்கு வந்தது. மகனுக்கு ஒரு மாதம் நிறைவதற்குள் தீபாவளி வந்துவிட்டது. இரவு முழுக்கத் தூங்காமல், தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அலுவலகப் புலனக் குழுவில் எனக்கு வாழ்த்து வந்தது. அன்பாகத்தான் எழுதியிருந்தார்கள். “நீ இல்லாமல் எங்களுக்குக் கை ஒடிந்தது போல இருக்கிறது, எப்போது வருகிறாய்?” என்று ஒருவர். “ஒன்றும் கவலைப்படாதே, எல்லாம் நன்றாகவே போகிறது, புதுப் பிள்ளை பிரமாதமாகச் செய்கிறாள்” என்று இன்னொருவர். “இன்னும் 33 நாள்தான்!” என்று மூன்றாமவர், நெருப்புப் படத்தோடு.

மூன்றையும் படித்துவிட்டு அழுதேன். முதலாவது, நான் ஏதோ குற்றம் செய்துவிட்டு வீட்டில் படுத்திருப்பது போல உணர வைத்தது. இரண்டாவது, திரும்பிப் போக அங்கே இடமில்லை என்று சொன்னது. மூன்றாவது, கையில் இருந்த பிள்ளையை விட்டுக் கிளம்ப வேண்டிய நாளை எண்ணிக் காட்டியது. எழுதியவர்களுக்கு இது எதுவும் தெரியாது. நானும் ஒருவர் விடாமல் நன்றி சொன்னேன். குழுவில் பதினான்கு பேர் இருந்தார்கள். ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பதினான்கு நன்றி.

அதனால், இந்த முறை வாழ்த்து எழுதும் பொறுப்பு என்னிடம் வந்ததும், எனக்குத்தான் எல்லாம் தெரியுமே என்ற தைரியத்தில் இருந்தேன். ஒரு பக்கம் எழுதி, செய்தி வாசிக்கும் மூத்த அக்காவிடம் காட்டினேன். முப்பது ஆண்டாகச் செய்தியைத் திருத்தியே பழகியவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பென்சிலை எடுத்தார்.

ஒலிபரப்புக் கணினிக்குப் புது மென்பொருள் வந்திருப்பதை எழுதியிருந்தேன். அதன் கீழே கோடு போட்டார். “இதைக் கேட்டா அவளுக்கு என்னா தோணும்? நமக்கு ஒன்னும் தெரியாம போச்சே, போய்க் கத்துக்கணுமேன்னு தோணும். திரும்பி வந்தா ரெண்டு நாள் பயிற்சி கொடுக்கத்தானே போறாங்க. இப்ப எதுக்கு?” அடித்துவிட்டார்.

தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சிக்கு அவர் போன ஆண்டு சேகரித்த பேட்டிகளை எங்கே வைத்தார் என்று தெரியாமல் தேடினோம் என்று வேடிக்கையாக எழுதியிருந்தேன். அதுவும் போனது. “இதைக் கேட்ட ஒடனே கணினியைத் தொறந்து தேட ஆரம்பிச்சிருவா. ஒனக்கு வேணும்னா அந்தப் பழைய வட்டுல நீயே தேடு.”

நிகழ்ச்சிக்கு நேயர்கள் கூடியிருப்பதையும் எழுதியிருந்தேன். அவர் பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “இது அவளுக்குச் சொல்ற சேதியா, ஒனக்கா?” என்று கேட்டார். எனக்குக் காது சூடானது. நானே அடித்தேன்.

கடைசியில் என் தாளில் மிச்சமிருந்தது மூன்று வரி. ஆனால் அந்தத் தாளிலிருந்து எனக்கு ஒரு கணக்கு பிடிபட்டது. ஒவ்வொரு சேதியையும் இரண்டு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். இதைக் கேட்டதும் அவர் எழுந்து ஏதாவது செய்ய வேண்டியிருக்குமா? இருந்தால் வேண்டாம். இதில் அவருடைய இடம் தெரிகிறதா? தெரிந்தால் சொல்லலாம். இந்த இரண்டிலும் தேறி வரும் சேதி பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும். உடைந்த கோப்பை, தவறாகப் படித்த வானிலை, வெள்ளிக்கிழமை தோறும் அழைக்கும் லாரிக்கார மாமா.

இதில் ஒன்று மட்டும் எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை. என்னை எழுத விடாமல் செய்ததே அதுதான்.

செப்டம்பர் கடைசியில் நிகழ்ச்சிப் பிரிவுத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். வரும் ஆண்டிலிருந்து காலை நிகழ்ச்சியை இருவர் சேர்ந்து படைத்தால் என்ன, நீங்களே தொடரலாமே என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எனக்கு ஆசை இல்லை என்று சொன்னால் பொய். காலை நிகழ்ச்சி எந்த அறிவிப்பாளருக்கும் கனவு. ஆனால் விடுப்பில் போகுமுன் கடைசி நாளில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது காதிலேயே இருந்தது. “நல்லதோ கெட்டதோ, இங்க என்னா நடந்தாலும் மத்தவங்க வாயால எனக்குத் தெரிய வரக்கூடாது. நீ சொல்லுமா.” சரி என்று சொல்லியிருந்தேன்.

சொல்ல வேண்டும். தீபாவளி வாழ்த்தில் சொல்வதா? “ஒரு விசயம் பேசணும் அக்கா, அவசரமில்லை, அப்புறம் பேசலாம்” என்று ஒரு வரி சேர்த்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். அதைவிடக் கொடுமை இல்லை. பிள்ளை தூங்கும் அரை மணி நேரத்தில் தாய் தூங்காமல் அந்த ஒரு வரியையே புரட்டிக்கொண்டிருப்பாள். ஒன்று, முழுதாகச் சொல்ல வேண்டும். இல்லையென்றால், அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. பாதி சொல்லித் தொங்க விடுவதற்குப் பண்டிகை வாழ்த்து இடமில்லை.

முழுதாகச் சொல்ல வேண்டுமென்றால் எனக்கே முழுதாகத் தெரிந்திருக்க வேண்டுமே? அதனால் அக்டோபர் 15-ஆம் தேதி நானே தலைவரின் அறைக்குப் போனேன். போகுமுன் நாள்காட்டியில் எண்ணிப் பார்த்துக்கொண்டேன். 98 நாள் என்பது தொடர்ச்சியான நாள். சனி, ஞாயிறு, பொது விடுமுறை எல்லாம் அதற்குள் அடங்கும். அக்கா பிரசவ நாள் வரை வேலைக்கு வந்தவர் என்பதால், பிள்ளை பிறந்த செப்டம்பர் 8 முதல் நாள். 98-ஆம் நாள் டிசம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. 15-ஆம் தேதி திங்கட்கிழமை காலை அவர் நிலையத்தில் இருப்பார்.

தலைவரிடம் மூன்று கேள்வி கேட்டேன். டிசம்பர் 15 அன்று காலை 6 மணிக்கு அந்த நாற்காலி யாருடையது? இருவர் நிகழ்ச்சி முடிவாகிவிட்டதா, யோசனைதானா? அதை அவரிடம் யார், எப்போது சொல்வது?

அவர் கெட்டவர் இல்லை. அடுத்த ஆண்டு அட்டவணையில் மூழ்கியிருந்தவர், அவ்வளவுதான். நாற்காலி அவருடையதுதான், அதில் சந்தேகமே இல்லை என்றார். இருவர் நிகழ்ச்சி ஜனவரிக்கான யோசனை மட்டுமே, அவரைக் கேட்காமல் முடிவு செய்ய மாட்டோம் என்றார். விடுப்பில் இருப்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்றுதான் பேசாமல் இருந்தாராம். “தொந்தரவு செய்யக் கூடாதுதான், சார். ஆனா அவருடைய நிகழ்ச்சியைப் பற்றி அவருக்குத் தெரியாம நாம பேசிக்கிட்டிருக்கோமே” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சொன்ன இரண்டு விசயத்தையும் மின்னஞ்சலில் எழுதி எனக்கும் மனிதவளப் பிரிவுக்கும் அனுப்பினார். இரண்டே வரி. அதை நான் அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகுதான் வாழ்த்து எழுத வந்தது.

எழுதியதைக் குரலாகவே அனுப்புவது என்று முடிவு செய்தோம். பிள்ளையை மடியில் வைத்திருப்பவருக்குப் படிப்பதைவிடக் கேட்பது எளிது. வானொலிக்காரர்கள் நாங்கள் வேறு என்ன செய்வோம்? ஆனால் ஒலிப்பதிவில் எங்கள் பழக்கம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. நிலையத்தில் எதையும் இசை முழக்கத்தோடுதான் தொடங்குவோம். தூங்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் அது வெடித்தால் வாழ்த்து சாபமாகிவிடும். ஆகவே இசை கிடையாது, பட்டாசுச் சத்தம் கிடையாது, கூட்டமாக ‘ஓ’ போடுவது கிடையாது.

ஒலிப்பதிவாளர் மலாய்க்காரர், நாங்கள் எல்லாரும் அவரை அபாங் என்போம். மூன்று பிள்ளைக்குத் தகப்பன். நாங்கள் சொல்லும் முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. ஒலிவாங்கியிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் பேசச் சொன்னார். அப்போதுதான் ‘ப’ வரும் இடத்தில் மூச்சு வந்து மோதாது. ஒருவர் உரக்கவும் ஒருவர் மெல்லவும் பேசினால் கேட்பவர் கை ஒலி அளவிலேயே இருக்க வேண்டும் என்று, எல்லார் குரலையும் ஒரே அளவுக்குக் கொண்டு வந்தார். எல்லாம் முடிந்ததும் நல்ல ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்கவில்லை. தன் கைப்பேசியில் ஒலியைக் கடைசி அளவுக்குக் குறைத்து, விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டார். ஒரு சொல் விழுந்தாலும் திரும்பப் பேசச் சொன்னார். ஐந்து பேரின் குரல், ஐந்து தனித் துண்டுகள். எதுவும் ஒரு நிமிடத்தைத் தாண்டவில்லை. பிள்ளை அழுதால் நடுவில் நிறுத்திவிட்டு, அடுத்ததை அப்புறம் கேட்கலாம்.

ஊடகவியல் படித்த காலத்தில் எங்கள் விரிவுரையாளர் திரும்பத் திரும்பச் சொல்வார், ஒலிவாங்கிக்கு அந்தப் பக்கம் ஆயிரம் பேர் இல்லை, ஒருவர்தான் இருக்கிறார் என்று. பதினோரு ஆண்டாக அதைச் செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையிலேயே ஒருவருக்காகப் பேசியபோது என் குரல் எனக்கே வேறாகக் கேட்டது.

நான் பேசியது இது:

“அக்கா, தீபாவளி வாழ்த்துகள். முதல்லயே சொல்லிடுறேன், இதுக்குப் பதில் போட வேண்டாம். நன்றின்னுகூட வேண்டாம். கேட்டீங்களா இல்லையான்னு நாங்க பார்த்துக்கிட்டிருக்க மாட்டோம். இன்னிக்குக் கேட்க முடியலைன்னா பொங்கலுக்குக் கேளுங்க, கெட்டுப் போகாது. வெளியில மழை. கீழ்க் கடையில முறுக்கு வாசனை மாடி வரைக்கும் வருது. உங்க நாற்காலி இன்னும் அதே மாதிரிதான் கிரீச்சுன்னு கத்துது. எண்ணெய் போடுறேன்னு அபாங் சொன்னாரு, நான்தான் வேணாம்னேன், நீங்க வந்தா தேடுவீங்கன்னு. அந்த லாரி மாமா வெள்ளிக்கிழமை கூப்பிட்டாரு. நீங்க சொன்ன மாதிரியே, பிள்ளை பிறந்ததை நாங்க ஒலியலையில சொல்லல. ஆனா அவரு கேட்காமலே சொன்னாரு, ‘அந்தப் பொண்ணுக்கு என்னா பிறந்தாலும் நல்லா இருக்கட்டும்’னு. அதை அப்படியே உங்ககிட்டச் சேர்த்துட்டேன். பாப்பாவுக்கு முதல் தீபாவளி. நீங்களும் கொஞ்சம் தூங்குங்கக்கா.”

மூத்த அக்கா, காலைச் செய்தியில் பினாங்கு வானிலையை இரண்டு முறை படித்துவிட்டுச் சமாளித்த கதையைச் சொன்னார். பயிற்சிக்கு வந்திருக்கும் பெண் ஒரு பாவமன்னிப்புக் கேட்டாள். அக்காவின் ஊதாக் கோப்பையில் தே ஓ கலக்கிக் குடித்து, கழுவும்போது கைப்பிடியை உடைத்துவிட்டாள். “ஒட்டி வச்சிருக்கேன் அக்கா, ஆனா பிடிச்சுத் தூக்க முடியாது, பேனா போட்டு வச்சிருக்கேன்” என்று அவள் நடுங்கிக்கொண்டே சொன்னதை அப்படியே விட்டுவிட்டோம். இசை நூலகத்தில் வேலை செய்யும் தம்பி வாழ்த்தை மட்டும் சொல்லி வெட்கப்பட்டு ஓடிவிட்டான். அபாங், “செலாமாட் தீபாவளி, காக்” என்று தொடங்கி, தீபாவளிக்கு மறுநாள்தான் 44 நாள் பந்தாங் முடிகிறது, அதற்குள் பலகாரம் பக்கம் போகாதீர்கள் என்று மலாயில் மிரட்டினார். நாங்கள் யாரும் எண்ணவில்லை. அவர் எண்ணியிருக்கிறார்.

தீபாவளி 20-ஆம் தேதி, திங்கட்கிழமை. முதல் நாள் ஞாயிறு மாலை ஆறரைக்கு ஐந்து துண்டையும் அக்காவின் எண்ணுக்கு மட்டும் அனுப்பினேன், குழுவில் போடவில்லை. குழுவில் போட்டால் ஆளுக்கொரு பூ, ஆளுக்கொரு கைகூப்பல் என்று தொலைபேசி இரவு முழுக்கக் கூவும். நள்ளிரவு வாழ்த்தும் வேண்டாம் என்றுதான் மாலையிலேயே அனுப்பினேன். பிறகு கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். நீலக் கோடு விழுந்ததா என்று பார்க்காமல் இருப்பது நான் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது.

தீபாவளி காலை நான்கு மணிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, புதுச் சுடிதாரோடு நிலையத்துக்குப் போனேன். பண்டிகை நாளில் வேலை செய்யும் அறிவிப்பாளருக்கு யாரும் அனுதாபம் காட்ட வேண்டியதில்லை. அன்றைக்கு அழைக்கும் நேயர்கள் எல்லாரும் நம் வீட்டுக்காரர்கள் மாதிரியே பேசுவார்கள். ஆனால் அன்று பத்து மணிக்கு மேல் அக்காவிடமிருந்து ஒரு வார்த்தை வராதா என்றுதான் மனம் கிடந்தது. வரவில்லை. பதில் போட வேண்டாம் என்று சொன்னது நான்தானே.

செவ்வாய் மாலை அவருடைய கணவர் அழைத்தார். “நாளைக்கு மத்தியானம் வரியாமான்னு கேக்கச் சொன்னா. கூட்டம் எல்லாம் போயிருச்சு.”

புதன்கிழமை போனேன். சாப்பிட்டுவிட்டே போனேன், அவர் அம்மா எனக்கென்று அடுப்பு மூட்டக் கூடாது என்று. வீட்டில் பூண்டும் மிளகும் வாசம். சுறாப் புட்டுக் கிண்ணம் மேசையில் மூடியிருந்தது. கைகழுவிவிட்டுப் பாப்பாவைப் பார்த்தேன், தூக்கவில்லை. அக்கா மெலிந்திருந்தார். கண் மட்டும் பழைய கண்.

அவர் அம்மா உள்ளே போனதும் நான் சுற்றி வளைக்கவில்லை. போகுமுன் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகிப் பார்த்த வாக்கியம் அது. “அக்கா, ஜனவரியிலேர்ந்து காலை நிகழ்ச்சியை ரெண்டு பேர் செய்யலாமான்னு யோசிக்கிறாங்க. இன்னொரு ஆளா என்னைக் கேட்டாங்க. நான் இன்னும் பதில் சொல்லல. டிசம்பர் 15 உங்க நாற்காலி உங்களுதுதான், அது எழுத்துல இருக்கு.” அச்செடுத்த தாளைக் கொடுத்தேன்.

அவர் படிக்கவில்லை. மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

“தெரியும்மா” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யார் சொன்னார்கள் என்று கேட்டேன்.

“நீதான். நான் தினமும் கேக்குறேன். ஆறு மணிக்கு இவ பால் குடிக்கிற நேரம். காதுல ஒரு பக்கம் மட்டும் போட்டுக்கிட்டுக் கேப்பேன். மொத மூணு வாரம் நீ தொடங்கும்போதெல்லாம் என் பேரைச் சொல்லி, அவங்க வர்ற வரைக்கும் நான் பார்த்துக்கிறேன்னு சொல்லுவே. செப்டம்பர் கடைசியில ஒரு நாள் சொல்லல. மறுநாளும் சொல்லல. சரி, அங்க ஏதோ பேசியிருக்காங்கன்னு தெரிஞ்சுக்கிட்டேன்.”

நான் வேண்டுமென்று விட்டதில்லை. சத்தியமாக இல்லை. ஆனால் தலைவர் கூப்பிட்டுப் பேசிய வாரமும் அந்த வாரமும் ஒன்றுதான். எனக்குத் தெரியாமல் என் வாய் அந்த வரியை விழுங்கியிருக்கிறது. ஒரு பக்கம் வாழ்த்தில் என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்று பென்சில் வைத்து அடித்துக்கொண்டிருந்த நான், தினமும் காலை 6 மணிக்கு அவருக்கு ஒரு சேதி அனுப்பிக்கொண்டுதான் இருந்தேன்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபமாக இல்லை. கொஞ்ச நேரம் பாப்பாவின் காலை நீவிக்கொண்டிருந்தார். பிறகு, “ரெண்டு பேரா செய்யலாமான்னா, எனக்கும் யோசனைதான். நாலு மணிக்கு எழுந்திரிக்க இனி முடியுமான்னு தெரியல. ஆனா அதை நான் சொல்லணும். என்கிட்டக் கேட்டுச் சொல்லணும். அவ்வளவுதான்” என்றார். தலைவரை எப்போது அழைக்கச் சொல்லட்டும் என்று கேட்டேன். நவம்பர் நடுவில், ஒரு பகல் வேளையில் என்றார். பதில் சொல்லுமுன் நாங்கள் இருவரும் பேசிக்கொள்வது என்றும் முடிவு செய்தோம்.

ஞாயிற்றுக்கிழமை வாழ்த்தைப் பற்றிக் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். அவரே சொன்னார். எல்லாருடைய குரலையும் அன்றிரவே கேட்டாராம். கோப்பையை உடைத்த கதைக்குச் சிரித்ததில் பாப்பா விழித்துக்கொண்டதாம். “இதுல நீ வாழ்த்துச் சொன்னதைவிட எது பிடிச்சுது தெரியுமா? ஒன் குரலுக்குப் பின்னால அந்த நாற்காலி ஒரு வாட்டி கத்துச்சு. அதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.”

அபாங் அந்தச் சத்தத்தை எடுத்துவிடவா என்று கேட்டது எனக்கு நினைவுக்கு வந்தது. இருக்கட்டும் என்று சொன்னது நான்தான். அந்த ஒன்றையாவது சரியாகச் செய்திருக்கிறேன்.

கிளம்பும்போது அந்தத் தாளைத் திருப்பிக் கொடுப்பார் என்று நினைத்தேன். கொடுக்கவில்லை. பாப்பாவின் பிறப்புப் பத்திரம் இருந்த உறைக்குள் வைத்தார்.

வியாழக்கிழமை காலை 6 மணி. நாற்காலியை இழுத்துப் போட்டேன். ஒலிவாங்கி திறந்தது. வணக்கம் சொன்னேன். அக்காவின் பெயரைச் சொன்னேன். அவர் வரும் வரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். எங்கோ ஒரு வீட்டில், விளக்குப் போடாத அறையில், ஒரு காதில் மட்டும் அது கேட்டிருக்கும். அதற்கும் பதில் வேண்டாம்.